அறிவிப்பு அனுப்ப இடையில் ஒருவர் வேண்டுமா?

மூன்று பேர் சேர்ந்து பால் விநியோகச் செயலி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். ‘நாளை பால் தாமதமாகும்’ என்று 2,000 வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்சிக்னல் போன்ற சேவையை அமர்த்தினாலும், ஆண்ட்ராய்டு போன்களுக்குச் செய்தி பெரும்பாலும் கூகுளின் ஃபயர்பேஸ் வழியாகத்தான் போகிறது. அதனால் வேகம் கூடிவிடாது. ஃபயர்பேஸில் செய்தி அனுப்பக் கட்டணமும் கிடையாது.

பிறகு காசு எதற்கு? முக்கியமாக, டோக்கன் பராமரிப்புக்கு. ஒவ்வொரு போனிலும் செயலிக்கென ஒரு டோக்கன் உருவாகும். செயலியை நீக்கி மறுபடி நிறுவினால் அது மாறிவிடும். புதியதைச் சர்வரில் சேமிப்பதும், `UNREGISTERED` என்ற பிழை வந்ததும் பழையதை அழிப்பதும் நேரடி வழியில் உங்கள் வேலை. ஆண்ட்ராய்டில் 270 நாள் தொடர்பே இல்லாத டோக்கனும் காலாவதியாகும். இதைக் கவனிக்காத குழுவின் பட்டியல் வீங்கிக்கொண்டே போகும். அனுப்பிய எண்ணிக்கைக்கும் திறந்த எண்ணிக்கைக்கும் இடைவெளி விரிவதே அடையாளம்.

பால் செயலிக்கு நேரடி வழியே போதும் என்பேன். தெருவாரியாக ஒரு ‘டாபிக்’ வைத்தால், ஒரே அழைப்பில் அந்தத் தெரு முழுக்கச் செய்தி போய்விடும். புரோகிராமர் அல்லாதவர் தினமும் வாடிக்கையாளரைப் பிரித்துப் பிரித்து, மின்னஞ்சலும் எஸ்எம்எஸ்ஸும் சேர்த்து அனுப்பப் போகிறார் என்றால் மட்டும் சேவைக்குப் பணம் கட்டலாம்.