இரு மடங்கு வருமானம் – எந்த ஆண்டின் ரூபாயில்?

எட்டே ஆண்டுகளில் உங்கள் வீட்டு வருமானம் இரு மடங்காகிவிட்டது என்று யாரேனும் சொன்னால் மகிழ்ச்சியடைவீர்கள் அல்லவா? அப்படிப்பட்ட செய்தி ஒன்றுதான் எங்கள் வகுப்பில் ஒரு வாரம் பெரும் வாக்குவாதத்தை உண்டாக்கியது.

சமூக அறிவியல் பாடம் நடத்தும் சிஸ்டர், 2023 மார்ச் மாதத்துச் செய்தித்தாள் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 2014-15ஆம் ஆண்டில் 86,647 ரூபாயாக இருந்த இந்தியரின் சராசரி ஆண்டு வருமானம், 2022-23இல் 1,72,000 ரூபாயாக, ஏறக்குறைய இரு மடங்காக உயர்ந்தது என்பது செய்தி. தேசிய புள்ளியியல் அலுவலகத்தின் முன் மதிப்பீட்டிலிருந்து எடுக்கப்பட்ட எண்கள் அவை. கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரியும் இருந்தது. விலை உயர்வை நீக்கிப் பார்த்தால், உண்மையான உயர்வு சுமார் 35 விழுக்காடே என்றது அந்த வரி. "தலைப்பு சொல்வது 99; உள்ளே சொல்வது 35. எது சரி என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்" என்றார் சிஸ்டர்.

நாங்கள் ஐவர் ஒரு குழுவாக அமர்ந்தோம். விலை எவ்வளவு உயர்ந்தது என்று அறிய நுகர்வோர் விலைக் குறியீட்டெண் வேண்டும். ஒரு குடும்பம் வாங்கும் அரிசி, பருப்பு, துணி, வாடகை, பேருந்துக் கட்டணம், மருந்து ஆகியவற்றை ஒரே கூடையில் வைத்து, அந்தக் கூடையின் விலை மாறுவதைக் காட்டும் எண் அது. ஏதாவது ஓர் ஆண்டில் கூடையின் விலையை 100 என்று வைத்துக்கொள்வார்கள். அதுவே அடிப்படை ஆண்டு. 2012ஐ அடிப்படையாகக் கொண்ட அட்டவணையில் 2014-15க்கு உரிய சராசரி 118.9, 2022-23க்கு உரியது 174.7. இரண்டாவதை முதலாவதால் வகுத்தோம், 1.469 கிடைத்தது. அதாவது, 2014-15இல் 100 ரூபாய்க்குக் கிடைத்த பொருள்களை வாங்க 2022-23இல் சுமார் 147 ரூபாய் தேவைப்பட்டது. விலை உயர்வு 47 விழுக்காடு.

உடனே எங்களில் ஒருத்தி, "வருமானம் 99 விழுக்காடு ஏறியது, விலை 47 விழுக்காடு ஏறியது. கழித்தால் 52. செய்தித்தாளில் 35 என்று தவறாகப் போட்டுவிட்டார்கள்!" என்றாள். நாங்களும் வெற்றிக் களிப்புடன் சிஸ்டரிடம் ஓடினோம். அவர் சிரித்துவிட்டு, "அரிசிக் கடைக்குப் போய்விட்டு வாருங்கள்" என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பினார்.

அரிசிக் கணக்கைப் போட்டபோதுதான் எங்கள் பிழை புரிந்தது. ஒருவரின் நாள் கூலி 100 ரூபாய், அரிசி கிலோ 40 ரூபாய் என்று கொள்வோம். அவர் இரண்டரைக் கிலோ வாங்கலாம். பிறகு கூலி 200 ஆகிறது. அரிசி 60 ஆகிறது. கூலி உயர்வு 100 விழுக்காடு. விலை உயர்வு 50 விழுக்காடு. கழித்தால் 50 மிஞ்சுகிறது. ஆனால் அவர் இப்போது வாங்குவது 200 வகுத்தல் 60, அதாவது மூன்றே கால் கிலோவும் இன்னும் சிறிதும். இரண்டரைக் கிலோவிலிருந்து இது 33 விழுக்காடு உயர்வுதான். ஏனெனில் புதிதாக வந்த 100 ரூபாயையும் பழைய விலையில் செலவிட முடியாது. அதையும் சேர்த்துப் புதிய விலையில்தான் செலவிட வேண்டும். ஆகவே கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். விலை ஓரிரு விழுக்காடே ஏறும்போது கழித்தாலும் பெரிய வேறுபாடு தெரியாது. பல ஆண்டுகளுக்குக் கணக்கிடும்போது பிழை பெரிதாகிவிடுகிறது.

மீண்டும் உட்கார்ந்தோம். 86,647ஐ 1.469ஆல் பெருக்கினால் சுமார் 1,27,300. அதாவது 2014-15இன் வருமானத்தை 2022-23இன் ரூபாயில் எழுதினால் அது 1,27,300 ரூபாய். இப்போது இரண்டும் ஒரே ஆண்டின் ரூபாய்கள், ஒப்பிடலாம். 1,72,000ஐ 1,27,300ஆல் வகுத்தால் 1.35. உயர்வு 35 விழுக்காடு! பிழை எங்களுடையது, அறிக்கை சரிதான்.

அதே செய்தியில் அலுவலகமே கணக்கிட்ட மற்றோர் இணை எண்களும் இருந்தன. 2011-12இன் விலையிலேயே எல்லாவற்றையும் மதிப்பிட்டால், வருமானம் 72,805இலிருந்து 98,118 ரூபாயாகியது. இதுவும் 35 விழுக்காட்டையே ஒட்டி வருகிறது. இவ்வளவு நெருக்கமாக வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றார் சிஸ்டர். நாம் எடுத்த குறியீட்டெண் குடும்பம் வாங்கும் பொருள்களை மட்டும் பார்ப்பது. அலுவலகத்தின் கணக்கோ எந்திரம், சிமெண்டு, அரசுப் பணிகள் ஆகியவற்றின் விலையையும் சேர்ப்பது. ஆகவே சில ஆண்டுகளில் இரண்டும் விலகிப் போகும். மேலும், முன் மதிப்பீடுகள் பின்னர் திருத்தப்படுவதும் வழக்கம். இந்த எண்களும் திருத்தப்பட்டன.

இன்னொரு பள்ளத்திலும் விழ இருந்தோம். பழைய ஆண்டுகளின் எண்களைத் தேடியபோது, தொழிலாளர்களுக்கான விலைக் குறியீட்டெண் 2005 டிசம்பரில் 550 என்றும், 2006 ஜனவரியில் 119 என்றும் இருந்தது. ஒரே மாதத்தில் விலைகள் சரிந்துவிட்டனவா? இல்லை. அந்த ஜனவரியிலிருந்து அடிப்படை ஆண்டை 1982இலிருந்து 2001க்கு மாற்றியிருந்தார்கள். புதிய எண்ணைப் பழையதோடு ஒப்பிட அதை 4.63ஆல் பெருக்க வேண்டும். 119ஐப் பெருக்கினால் 551. விலைகள் விழவில்லை, சற்றே ஏறியிருந்தன. எனவே இரண்டு குறியீட்டெண்களை ஒப்பிடும் முன், இரண்டுக்கும் அடிப்படை ஆண்டு ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கணக்கு முடிந்தது என்று நாங்கள் எழுந்தபோது, அதுவரை பேசாதிருந்த தோழி ஒருத்தி, "எங்கள் அம்மாவுக்கும் போட்டுப் பாருங்களேன்" என்றாள். அவளுடைய தாயார் தையல் வேலை செய்பவர். 2014-15இல் மாதம் 6,000 ரூபாய். 2022-23இல் 9,000 ரூபாய். "மூவாயிரம் கூடியதே, பாதிக்குப் பாதி உயர்வு" என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்களாம். 6,000ஐ 1.469ஆல் பெருக்கினோம்; 8,814 ரூபாய். ஆக, எட்டு ஆண்டு உழைப்பில் அந்தத் தாயாருக்கு உண்மையில் கூடியது மாதம் 186 ரூபாய், ஏறக்குறைய 2 விழுக்காடு மட்டுமே. "அதனால்தான் அம்மா, சம்பளம் கூடியும் கை மட்டும் நிறையவே இல்லை என்கிறாரா!" என்றாள் அவள். நாங்கள் யாரும் சிறிது நேரம் பேசவில்லை.

அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் 35 என்பது நாடு முழுவதற்கும் உரிய சராசரி. அது யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதைச் சொல்லாது. கூடையும் அப்படியே. நாங்கள் எடுத்த குறியீட்டெண்ணில் உணவுக்கும் பானத்துக்கும் உரிய பங்கு நூற்றுக்கு 46க்குச் சற்றே குறைவு. சம்பளத்தில் முக்கால் பங்கை அரிசிக்கும் காய்கறிக்கும் கொடுக்கும் வீட்டுக்கு, உணவு விலை ஏறும் ஆண்டில் அந்தக் குறியீட்டெண் காட்டுவதைவிடச் சுமை கூடுதலாகவே இருக்கும்.

அந்தச் செய்தித் துண்டை எங்கள் வகுப்புப் பலகையில் ஒட்டினோம். அதன் கீழே தோழியின் கையெழுத்திலேயே ஒரு கேள்வியை எழுதிவைத்தோம்: "எந்த ஆண்டின் ரூபாயில்?" அவளுடைய தாயாரின் கணக்கை நாங்கள் எழுதவில்லை. அதை அவளே ஒரு தாளில் அழகாக எழுதி, அன்று மாலை வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.

– பத்தாம் வகுப்பு மாணவி