ஒரே ஆர்டர், இரண்டு பார்சல்

சிறிய புத்தக விற்பனையகம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்டர்கள் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு வருகின்றன. ஆள் உட்கார்ந்து படிப்பதில்லை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு புரோகிராம் தானாக ஓடி இன்பாக்ஸைத் திறக்கிறது; புதிதாக வந்ததைப் படித்து ஆர்டர் பட்டியலில் எழுதுகிறது; வாடிக்கையாளருக்கு “கிடைத்தது” என்று பதில் போடுகிறது. ஒரு பள்ளி 40 பிரதி கேட்டு எழுதுகிறது. இரண்டு நாள் கழித்து அந்தப் பள்ளிக்கு 40, 40 என்று இரண்டு பார்சல் போய் இறங்குகின்றன. பள்ளி அனுப்பியது ஒரே கடிதம்தான். தவறு எங்கே நடந்தது?

முதல் சந்தேகம் புரோகிராமின் மீதுதான் விழும். ஆனால், கடிதமே இரண்டு முறை வந்து சேர்ந்திருக்கலாம். மின்னஞ்சலைச் சர்வருக்குச் சர்வர் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி முறையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அனுப்பும் சர்வர் கடிதம் முழுவதையும் கொடுத்துவிட்டு, முடிந்தது என்பதற்கு அடையாளமாகத் தனி வரியில் ஒரு புள்ளி வைக்கும். வாங்கிய சர்வர் அதைப் பத்திரப்படுத்திவிட்டு `250` என்று பதில் சொல்லும். கடிதம் பத்திரமான பிறகு, அந்த `250` வந்து சேர்வதற்குள் இணைப்பு அறுந்துவிட்டால்? அனுப்பியவருக்குப் பதில் வரவில்லை. கடிதம் போனதா, போகவில்லையா என்று தெரிந்துகொள்ள வழியும் இல்லை. கடையில் ஸ்கேன் செய்து பணம் அனுப்பும்போது திரை பாதியில் நின்றுவிட்டால் நாம் தவிக்கிற அதே தவிப்புதான். பணம் விஷயத்தில் நாம் மறுபடி அனுப்பத் தயங்குவோம். மின்னஞ்சல் சர்வர் தயங்காது. கடிதம் தொலைவதைவிட இரண்டாக வருவது மேல் என்பது அதன் விதி. ஆகவே மறுபடி அனுப்பிவிடும்.

இது புதிய சிக்கல் அல்ல. 1988-லேயே கிரெய்க் பார்ட்ரிட்ஜ் இதற்கென்று ஆர்எஃப்சி 1047 என்ற சிறு ஆவணம் எழுதினார். வாங்கும் சர்வர் பதில் சொல்லத் தாமதித்தால் நகல்கள் பெருகும், ஆகவே கடிதத்தைப் பெற்றவுடன் சீக்கிரம் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைய விதிப்படி அனுப்பும் சர்வர் அந்தக் கடைசிப் பதிலுக்காக 10 நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். இதனால் நகல்கள் குறைகின்றன, அடியோடு ஒழிவதில்லை. இது போதாதென்று, விற்பனையகத்தின் இரண்டு முகவரிகள் ஒரே பெட்டிக்குத் திருப்பிவிடப்பட்டிருந்து, பள்ளி இரண்டுக்கும் சேர்த்து அனுப்பினால், அப்போதும் இரண்டு பிரதி வரலாம்.

சரி, புரோகிராம் எதை வைத்து “இது புதியது” என்று முடிவு செய்கிறது? பெரும்பாலும் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி, படிக்காத கடிதங்களை மட்டும் எடுப்பது. பெட்டியைப் படிக்கப் பயன்படும் ஐமேப் முறையில் ஒவ்வொரு கடிதத்துக்கும் `\Seen` என்ற அடையாளம் உண்டு. அது இல்லாதவற்றை எடு, வேலையை முடி, அடையாளம் போடு. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அடையாளம் சொல்வது கடிதத்தை யாரோ திறந்தார்கள் என்பதை மட்டுமே. வேலை முடிந்ததா என்பது அதற்குத் தெரியாது. கடையில் ஒருவர் தன் கைபேசியில் அதே பெட்டியைத் திறந்து பள்ளியின் கடிதத்தைப் பார்த்துவிட்டால் போதும், புரோகிராம் அதைத் தாண்டிப் போய்விடும். ஆர்டர் பதிவே ஆகாது.

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. ஐமேப்பில் கடிதத்தை `BODY[]` என்று கேட்டு வாங்கினால், கொடுக்கும்போதே சர்வர் `\Seen` போட்டுவிடும். அடுத்த நொடி மின்சாரம் போனால், வேலை நடக்கவில்லை, அடையாளம் மட்டும் விழுந்திருக்கிறது. `BODY.PEEK[]` என்று கேட்டால் அடையாளம் விழாது. அப்படிக் கேட்டு, வேலையை முடித்து, பிறகு நாமே அடையாளம் போடலாம். அப்போது ஆபத்து மறுபக்கம் திரும்புகிறது: ஆர்டரை எழுதிவிட்டு, அடையாளம் போடுவதற்குள் புரோகிராம் நின்றால், 5 நிமிடம் கழித்து அதே கடிதம் மறுபடி ‘புதிது’. இரண்டு பார்சல்.

ஐமேப் ஒவ்வொரு கடிதத்துக்கும் `UID` என்று ஓர் எண்ணும் தருகிறது. கடைசியாகப் பார்த்த எண்ணைக் குறித்துவைத்து அதற்கு மேலே உள்ளதை மட்டும் எடுப்பவர்கள் உண்டு. வேகமான வழிதான். ஆனால் அந்த எண் ஒரு ஃபோல்டருக்குள் மட்டுமே செல்லும். கடிதத்தை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தித் திரும்பக் கொண்டுவந்தால் புது எண். பெட்டியை வேறு சர்வருக்கு மாற்றினால் `UIDVALIDITY` என்ற இன்னொரு எண் மாறக்கூடும்; மாறினால் நாம் குறித்துவைத்த எல்லா எண்ணும் செல்லாதவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே கடிதத்தின் இரண்டு பிரதிக்கு இரண்டு வெவ்வேறு `UID`. பெட்டிக்குள் அது எங்கே கிடக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. எந்தக் கடிதம் என்பதைச் சொல்லாது.

அதைச் சொல்வது கடிதத்தின் தலைப்பகுதியில் உள்ள `Message-ID`. ஜிமெயிலில் ஒரு கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` என்பதை அழுத்தினால் முதல் வரியிலேயே இருக்கும். பார்க்க இப்படி:

```
Message-ID: <20240611.0931.7af2@palli.example>
```

கோணக் குறிகளுக்குள், நடுவில் @. வலப்பக்கம் பொதுவாக அனுப்பும் கணினியின் பெயர், இடப்பக்கம் அந்தக் கணினி இதுவரை யாருக்கும் தராத ஒரு சரம். கடிதம் புறப்படும்போது ஒருமுறை எழுதப்படுகிறது. இணைப்பு அறுந்து சர்வர் மறுபடி அனுப்பினாலும், இரண்டு முகவரி வழியாக வந்தாலும், ஃபோல்டர் மாறினாலும் அது மாறுவதில்லை. நமக்கு வேண்டியது இதுதான்.

அடையாளம் கிடைத்துவிட்டது. அதை எப்போது குறித்துவைப்பது? வேலைக்கு முன்பு குறித்தால், நடுவில் நின்றுபோனால் ஆர்டர் தொலையும். பின்பு குறித்தால் ஆர்டர் இரட்டிக்கும். `\Seen` விஷயத்தில் பார்த்த அதே இக்கட்டு. முன்னும் வேண்டாம், பின்னும் வேண்டாம். ஆர்டரும் அடையாளமும் ஒரே டேட்டாபேஸில், ஒரே பரிவர்த்தனையாக எழுதப்பட வேண்டும். இரண்டும் சேர்ந்து பதிவாகும், அல்லது இரண்டுமே பதிவாகாது. இந்த இடத்தைச் சரியாகச் செய்யாதவர் மற்ற எதைச் செய்தும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம். எஸ்க்யூலைட் என்ற எளிய டேட்டாபேஸே போதும்:

```
CREATE TABLE seen (msgid TEXT PRIMARY KEY);

BEGIN IMMEDIATE;
INSERT OR IGNORE INTO seen
  VALUES ('<20240611.0931.7af2@palli.example>');
SELECT changes();   -- 1: புதிது, 0: ஏற்கெனவே முடிந்தது
INSERT INTO orders (school, copies)
  VALUES ('palli', 40);   -- 1 வந்தால் மட்டும்
COMMIT;
```

காலை 10 மணிக்குப் புரோகிராம் பள்ளியின் கடிதத்தை எடுக்கிறது. அடையாளத்தை எழுதுகிறது, ஆர்டரை எழுதுகிறது, `COMMIT` வருவதற்குள் மின்சாரம் போகிறது. டேட்டாபேஸ் மறுபடி திறக்கும்போது இரண்டு வரியும் இருக்காது. 10.05-க்கு அதே கடிதம் எடுக்கப்படும், `1` வரும், ஆர்டர் பதிவாகும். மின்சாரம் `COMMIT` முடிந்த பிறகு போயிருந்தால், 10.05-க்கு `0` வரும். கடிதத்தைத் தொடாமல் விட்டுவிடலாம். தவறுதலாக இரண்டு புரோகிராம்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் பயமில்லை. `PRIMARY KEY` என்ற சொல் இருப்பதால் ஒருவருக்குத்தான் `1` கிடைக்கும். “பட்டியலில் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுது” என்று இரண்டு படியாகச் செய்தால், இருவரும் ஒரே நொடியில் பார்த்து, இருவருமே “இல்லை” என்று முடிவு செய்துவிட வாய்ப்புண்டு.

பழைய அடையாளங்களை அழிக்க வேண்டுமா? அவசரமில்லை. நாளுக்கு 200 கடிதம் என்றால் ஆண்டுக்கு 73,000. ஒன்றுக்கு 100 பைட் வைத்தாலும் 7 எம்பி சொச்சம். ஒரு வாரத்தில் அழித்துவிட்டு, பழைய பெட்டியை யாரோ மீட்டெடுத்த அன்று ஆண்டுக்கணக்கான ஆர்டர்களை மறுபடி அனுப்புவதைவிட இது மலிவு.

ஆனால் `Message-ID` எழுதுவது அனுப்புகிறவர். நாம் அதைக் கட்டுப்படுத்த முடியாது. இன்றைய விதியான ஆர்எஃப்சி 5322-ம் அது இருப்பது நல்லது என்கிறதே ஒழிய, கட்டாயமாக்கவில்லை. இல்லாத கடிதத்துக்கு நாமே ஒன்று செய்துகொள்ளலாம்: அனுப்பியவர், தேதி, பொருள், உடல் ஆகிய நான்கையும் சேர்த்து `SHA-256` கணக்கிட்டால் போதும். `Received` என்று தொடங்கும் வரிகளை மட்டும் சேர்க்கக் கூடாது. கடிதம் கடந்துவந்த பாதை அதில் இருக்கிறது. ஒரே கடிதத்தின் இரண்டு பிரதியிலும் அது வேறுபடும்.

இதைவிட மோசமானது, சரியாக எழுதப்படாத ஏதோ ஒரு மென்பொருள் எல்லாக் கடிதத்துக்கும் ஒரே `Message-ID`-ஐ ஒட்டி அனுப்புவது. முதல் ஆர்டர் பதிவாகும். அந்த வாடிக்கையாளரின் மற்ற எல்லாமே ‘ஏற்கெனவே முடிந்தது’ என்று சத்தமில்லாமல் ஒதுங்கிவிடும். இரட்டிப்பதைவிட இது கொடியது, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. ஆகவே அடையாளத்தின் பக்கத்திலேயே கடிதத்தின் உடலுக்கான `SHA-256`-ஐயும் சேமிப்பது நல்லது. அடையாளம் ஒன்று, உடலும் ஒன்று என்றால் நகல், விட்டுவிடலாம். அடையாளம் ஒன்று, உடல் வேறு என்றால் தள்ளிவிடாமல் தனி ஃபோல்டரில் போட்டு மனிதரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். வழியில் ஏதோ சர்வர் அடியில் ஒரு அறிவிப்பு வரியை ஒட்டியிருந்தாலும் உடல் மாறும், அதனால் அங்கே வருவதெல்லாம் புது ஆர்டர் என்று நினைத்துவிடவும் கூடாது.

ஏற்பாடு வேலை செய்கிறதா என்று சோதிப்பது எளிது. முடிந்த கடிதம் ஒன்றை நகலெடுத்து மறுபடி இன்பாக்ஸில் போடுங்கள். ஆர்டர் எண்ணிக்கை நகரக் கூடாது. பிறகு புரோகிராம் ஓடும்போது நடுவில் வலுக்கட்டாயமாக நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பாருங்கள்.

மிச்சம் இருப்பது “கிடைத்தது” என்ற பதில் கடிதம். அது டேட்டாபேஸுக்கு வெளியே போகிற வேலை, பரிவர்த்தனைக்குள் அடங்காது. ஆகவே பதிலை அங்கேயே அனுப்பக் கூடாது. அனுப்ப வேண்டியவை என்ற இன்னொரு பட்டியலில், ஆர்டரோடு சேர்த்து அதே பரிவர்த்தனையில் எழுதிவைக்க வேண்டும். அந்தப் பதிலுக்கான `Message-ID`-ஐயும் அப்போதே உருவாக்கி அதே வரியில் சேமித்துவிட வேண்டும். பிறகு வேறொரு படி அந்தப் பட்டியலை எடுத்து அனுப்பும். அனுப்பும்போது இணைப்பு அறுந்து இரண்டாம் முறை அனுப்ப நேர்ந்தாலும் அதே அடையாளத்தோடுதான் போகும். பள்ளியின் பக்கத்தில் ஒரு புரோகிராம் படித்துக்கொண்டிருந்தால் அதுவும் நகலை அடையாளம் கண்டுகொள்ளும்.

பள்ளி அலுவலர் பதில் வரவில்லையே என்று அதே ஆர்டரைப் புதிதாகத் தட்டச்சு செய்து மறுபடி அனுப்பினால், அது புது `Message-ID` கொண்ட புதுக் கடிதம். புரோகிராமுக்கு அது இரண்டாவது ஆர்டர். அதைப் பிடிக்கக் கடிதத்தின் உள்ளே இருக்கும் ஆர்டர் எண்தான் உதவும். எண் எதுவும் இல்லாமல், ஒரே பள்ளியிடமிருந்து ஒரே நாளில் 40 பிரதிக்கு இரண்டு ஆர்டர் வந்தால், இரண்டாவதை நிறுத்திவைத்து, விற்பனையகத்தில் ஒருவர் பள்ளிக்குப் போன் செய்து கேட்டுவிடுவதே சரி.