பூட்டிய போனுக்குத் திறக்கும் கேட்

லண்டன் சுரங்க ரயில் நிலையத்தில் ஒவ்வொருவரும் நின்று முகம் காட்டி ஐபோனைத் திறந்தால் பின்னால் வரிசை நீண்டுவிடும். அதற்காகவே எக்ஸ்பிரஸ் மோட். கேட்டில் உள்ள ரீடர் முதலில் ஒரு தனிக் குறியீட்டை அனுப்பும். அதைக் கேட்டதும், நீங்கள் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த கார்டுக்கு மட்டும் போன் பூட்டு கேட்காமல் அனுமதி தரும். அந்த நொடியில் கேட் கேட்கும் தொகை பூஜ்யம். கட்டணம் பிறகுதான் கணக்காகும்.

கடை ரீடர் அந்தக் குறியீட்டை அனுப்பாது, எனவே போன் அசையாது. ஆனால் குறியீடு ரகசியமல்ல. 2021-இல் பர்மிங்காம், சரே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் போலியாக அனுப்பி, இடையில் தகவலையும் மாற்றி, பூட்டிய ஐபோனின் விசா கார்டிலிருந்து 1,000 பவுண்ட் எடுத்துக் காட்டினார்கள். மாஸ்டர்கார்டில் அது பலிக்கவில்லை. போன் தொலைந்தால் முதலில் கார்டை முடக்குங்கள்.