சான்றிதழ் கேட்பதற்கு முன்

தொழில் சங்கங்களுக்கு வரும் கடிதங்களில் பல ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன: ‘உறுப்பினராக விரும்புகிறோம், விவரமும் சான்றிதழும் தேவை.’ பதிலாக ஒரு விண்ணப்பப் படிவமும் வங்கிக் கணக்கு எண்ணும் வரும். பணம் கட்டிய பிறகுதான், கிடைத்த சான்றிதழ் தன் வேலைக்கு ஆகாது என்பது பலருக்குத் தெரியவருகிறது.

கோவை கணபதியில் நான்கு லேத்தை வைத்துக்கொண்டு பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். துபாயிலிருந்து முதல் ஆர்டர் வருகிறது. ‘சேம்பர் சர்டிபிகேட் சேர்த்து அனுப்புங்கள்’ என்கிறார் வாங்குபவர். உரிமையாளர் பக்கத்துச் சங்கத்தில் சந்தா கட்டி, சட்டம் போட்ட உறுப்பினர் சான்றிதழை வாங்கி அதன் நகலை அனுப்புகிறார். துபாயில் அதை ஏற்கமாட்டார்கள். இந்த நிறுவனம் இந்த ஆண்டில் எங்கள் உறுப்பினர் என்பதற்கு மேல் அந்தத் தாள் எதுவும் சொல்வதில்லை.

அவர் கேட்டது பொருள் எந்த நாட்டில் உருவானது என்பதற்கான உற்பத்தி நாட்டுச் சான்றிதழ். இது நிறுவனத்துக்கு ஒருமுறை தருவதல்ல. ஒவ்வொரு சரக்குக்கும் அதன் இன்வாய்ஸை வைத்துத் தருவது. வெளிநாட்டு வணிகத்துக்கான தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.எஃப்.டி., அங்கீகரித்த அமைப்புகள்தான் இதைத் தரமுடியும். எல்லாச் சங்கங்களும் அந்தப் பட்டியலில் இல்லை. விண்ணப்பம் இணையவழியில்தான், அதற்கு ஏற்றுமதியாளர் குறியீட்டு எண்ணும் வேண்டும். போதாக்குறைக்கு, ஐக்கிய அரபு அமீரகத்தோடு 2022 மே முதல் நடைமுறையில் உள்ள ஒப்பந்தப்படி சுங்கச் சலுகை பெற வேறு வகைச் சான்றிதழ் இருக்கிறது. ஆகவே சங்கத்துக்கு எழுதுவதற்கு முன்பே, சாதாரணச் சான்றிதழா, சலுகைச் சான்றிதழா என்று வாங்குபவரிடம் கேட்டுவிட வேண்டும்.

குறுந்தொழில், சிறுதொழில் என்று நிரூபிக்க மட்டும் சான்று தேவையென்றால் சங்கத்துக்கே போக வேண்டாம். உத்யம் பதிவை அரசு இணையதளத்தில் ஆதார், பான் கொண்டு நாமே இலவசமாகச் செய்துகொள்ளலாம். பொருள் வாங்கிய கம்பெனி 45 நாட்களுக்கு மேல் பணம் தராமல் இழுத்தடித்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி முறையிடுவதற்கும் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும், சங்க உறுப்பினர் அட்டை அல்ல.

இத்தனையும் தெளிந்த பிறகு எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

‘மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு, வணக்கம். கணபதியில் பம்ப் உதிரிபாகம் தயாரிக்கிறோம். உத்யம், ஜி.எஸ்.டி. பதிவுச் சான்றுகளின் நகல்களை இணைத்துள்ளோம். தங்கள் சங்கத்தில் சேர எங்களுக்குத் தகுதி உண்டா? நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, ஜி.எஸ்.டி. ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிட வேண்டுகிறோம். ஜனவரியில் சேர்ந்தால் சந்தா எந்தத் தேதி வரை செல்லும்? துபாய்க்கு அனுப்பும் சரக்குக்கு உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் தேவைப்படுகிறது. அதை வழங்கத் தங்களுக்கு அங்கீகாரம் உண்டா, உறுப்பினர் அல்லாதவர்களுக்கும் தருவீர்களா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறோம்.’

ஜனவரிக் கேள்வி சின்னதாகத் தெரியலாம், ஆனால் அதில் காசு இருக்கிறது. சந்தா ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் சங்கத்தில், ஜனவரியில் முழுச் சந்தா கட்டியவர் மூன்றே மாதத்தில் மறுபடியும் கட்ட நேரிடும். சேர்ந்த நாளிலிருந்து ஓராண்டு என்று கணக்கிடும் சங்கமும் உண்டு, மீதி மாதங்களுக்கு மட்டும் வாங்கும் சங்கமும் உண்டு. நுழைவுக் கட்டணம் பொதுவாக ஒருமுறைதான். ஆனால் சந்தா பாக்கி விழுந்து பெயர் நீக்கப்பட்டால் அதை மீண்டும் கேட்பார்களா என்று விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பயன்களைப் பற்றிக் கேட்கும்போது ‘என்னென்ன சலுகை உண்டு?’ என்று பொதுவாகக் கேட்டால் சிற்றேடுதான் வரும். கண்காட்சியில் ஸ்டால் வாடகையில் உறுப்பினருக்கு எவ்வளவு குறைவு, பரிசோதனைக் கூடத்தில் ஒரு மாதிரிக்கு என்ன கட்டணம், மின்கட்டணப் பிரச்சினையில் கடந்த ஆண்டு யாரிடம் மனு கொடுத்தீர்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். என் பார்வையில் கடைசிக் கேள்விதான் முக்கியமானது. நாலு லேத் வைத்திருப்பவர் தனியாகப் போய்ப் பேசமுடியாத இடம் அதுதான், சந்தாவுக்கு உண்மையான மதிப்பும் அங்கேதான். பதிலாக மனுவின் நகலையே காட்டும் சங்கத்தில் தயங்காமல் சேரலாம்.

விண்ணப்பத்தில் நிறுவனப் பெயரை ஜி.எஸ்.டி. சான்றில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். ஒன்றில் ‘இண்டஸ்ட்ரீஸ்’, இன்னொன்றில் ‘இண்டஸ்ட்ரி’ என்றிருந்தால் வங்கியிலும் டெண்டரிலும் விளக்கம் கேட்பார்கள். கைக்கு வந்த சான்றிதழில் உறுப்பினர் எண், செல்லுபடியாகும் தேதி, முத்திரையோடு கையெழுத்து மூன்றும் இருக்கின்றனவா என்று அன்றைக்கே சரிபாருங்கள். பணத்தைச் சங்கத்தின் பெயரிலுள்ள கணக்கில் மட்டும் செலுத்தி, ஜி.எஸ்.டி. எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.