1846 எங்கே போனது?

தாலுகா அலுவலகத்துப் பதிவறையில் காகிதத்தைத் தேடும் ஒருவரின் சிறுகதை இது. முருகேசன் கற்பனை ஆள். அவர் தேடிய முறை மட்டும் கற்பனையில்லை.

இளநிலை உதவியாளராக ஆ3 இருக்கைக்கு அவர் வந்த புதிதில் ஒரு தகவல் உரிமை மனு வந்தது. 2008இல் கொடுத்த வாரிசுச் சான்றின் கோப்பு நகல் வேண்டும் என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். சட்டப்படி 30 நாளில் பதில் போயாக வேண்டும். முருகேசன் முதலில் எல்லோரும் செய்வதையே செய்தார். ஊர் பெயரை மனதில் வைத்துக்கொண்டு அலமாரி அலமாரியாகக் கட்டுகளை அவிழ்த்தார். தூசிதான் மிச்சம்.

பதிவறை எழுத்தர் ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். "தம்பி, ஊர் பேரைச் சொன்னா இங்க எந்தக் கட்டும் திறக்காது. நம்பர் என்ன, எப்படி முடிச்சாங்க? அதைப் பாத்துட்டு வாங்க" என்றார்.

சென்னை மாகாண காலத்தில் வந்த டோட்டன்ஹாம் முறையின் சாரமே அந்த இரண்டு கேள்விகள்தான். ஓர் இருக்கைக்கு வரும் கடிதம் ந.க. எண்ணோடு தன்பதிவேட்டில் ஏறும். வேலை முடிந்ததும் அதே எண்ணோடு முடிவின் வகையும் சேரும். ஆர்.டிஸ். என்றால் என்றைக்கும் வைத்திருக்க வேண்டியது. டி.டிஸ். பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு. என்.டிஸ். என்றால் மூலத்தையே திருப்பி அனுப்பிவிட்டார்கள், பதிவறையில் கோப்பே இருக்காது. கட்டுகளும் இதே கணக்கில்தான் அடுக்கப்படும்: ஆண்டு, வகை, பிறகு எண் வரிசை. வாரிசு, பட்டா, நிலம் என்று பொருள்வாரியாகத் தேடுகிறவருக்கு அலமாரி கைகொடுக்காதது அதனால்தான்.

முருகேசன் 2008ஆம் ஆண்டுத் தன்பதிவேட்டைப் புரட்டினார். வரி கிடைத்தது: 1846, வாரிசுச் சான்று, டி.டிஸ். அந்த ஆண்டின் டி.டிஸ். தட்டுக்குப் போனால் தட்டு காலி. பத்தாண்டு கெடு முடிந்து, 2019இல் அந்தக் கட்டுகளை அழித்துவிட்டிருந்தார்கள். "அழிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி மனுவை முடித்துவிடலாம். பல அலுவலகங்களில் முடித்தும்விடுவார்கள்.

பெரியவர் விடவில்லை. "அழிச்ச பட்டியலப் பாத்தீங்களா?"

அதிகாரியின் ஒப்புதல் வாங்கிய அழிப்புப் பட்டியலில் எண்கள் வரிசையாக இருந்தன. 1839. அடுத்தது 1851. இடையில் இருந்தவற்றில் பெரும்பாலானவை வேறு வகையில் முடிந்தவை என்பது பதிவேட்டைப் பார்த்ததும் தெரிந்தது. டி.டிஸ். என்று முடிந்தும் பட்டியலில் ஏறாதது 1846 ஒன்றுதான். அப்படியானால் அழிக்க எடுத்தபோதே அது கட்டில் இல்லை.

பதிவறையிலிருந்து ஒரு கோப்பை வெளியே எடுத்தால், அது இருந்த இடத்தில் கேட்புச் சீட்டு வைக்க வேண்டும். யார் கேட்டது, எந்தக் கோப்புக்காக என்று அதில் இருக்கும். இந்தச் சீட்டு கட்டோடு போய்விட்டது. ஆனால் முன்பு அந்த இருக்கையில் இருந்த யாரோ ஒரு புண்ணியவான், பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் சிவப்பு மையில் பொடி எழுத்தாக எழுதி வைத்திருந்தார்: "ந.க. 972/2013 உடன்."

முருகேசன் முதல் தடவை அந்த வரியைப் படித்தபோது இதைக் கவனிக்கவில்லை. எண்ணும் வகையும் கிடைத்ததும் பதிவேட்டை மூடிவிட்டிருந்தார்.

2013 பதிவேட்டில் 972இன் கதை தெரிந்தது. விடுபட்ட வாரிசு ஒருவர் பழைய சான்றை எதிர்த்து மனுக் கொடுத்திருக்கிறார். விவகாரம் நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதனால் அந்தக் கோப்பு ஆர்.டிஸ். ஆக முடிந்திருந்தது. விசாரணைக்காகப் பின்கோப்பாக எடுத்த 1846ஐப் பிரித்துப் பதிவறைக்குத் திருப்பியிருக்க வேண்டும். யாரும் பிரிக்கவில்லை.

2013 ஆர்.டிஸ். கட்டை அவிழ்த்தபோது 972 மட்டும் இரட்டைத் தடிமனாக இருந்தது. குறிப்புக் கோப்பையும் நடப்புக் கோப்பையும் தள்ளிப் பார்த்தால், அடியில் பழுப்பேறிய இன்னொரு அட்டை, அதே டேக்கில் கோத்திருந்தது. 1846. விதிப்படி திருப்பி வைத்திருந்தால் 2019இல் காகிதக் கூழாகியிருக்கும். யாரோ செய்த சோம்பல் அதைக் காப்பாற்றியிருக்கிறது. அந்தச் சிவப்பு மைக் குறிப்பு மட்டும் இல்லாமல் போயிருந்தால், கோப்பு உள்ளே இருந்தும் யாருக்கும் கிடைத்திருக்காது. எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிக்க இந்த முறையில் வழி கிடையாது.

நகல் எடுத்தாயிற்று. "அண்ணே, இதை 2008 தட்டுலயே வெச்சிரட்டுமா?"

"அங்க கட்டே இல்லையே தம்பி. வழக்குக்குப் போன காகிதம், 972 கூடவே இருக்கட்டும். ரெண்டு பதிவேட்டுலயும் எழுதி, அய்யாகிட்ட கையெழுத்து வாங்கிருங்க."

முருகேசன் சிவப்புப் பேனாவைத் தேடினார்.