விளம்பரத்துக்குப் பதில் சொல்லும் மின்னஞ்சல்

'ஐயா, என் ரெஸ்யூமே இணைப்பில் உள்ளது. வாய்ப்பளிக்க வேண்டுகிறேன்.' வேலைக்கு விண்ணப்பிக்கும் பலர் மின்னஞ்சலில் இந்த இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வேறு சிலர் இணையத்திலிருந்து எடுத்த ஒரு பக்கக் கடிதத்தை ஒட்டி அனுப்புகிறார்கள். இரண்டிலும் ஒரே குறைதான். கணக்கு வேலையோ கிடங்கு வேலையோ, எந்த விளம்பரத்துக்கும் அவை பொருந்தும். அதனால் படிப்பவருக்கு அவற்றிலிருந்து ஒரு புதுச் செய்தியும் கிடைப்பதில்லை.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் கணக்கு உதவியாளர் தேவை என்று விளம்பரம் தருகிறது. டேலி தெரிந்திருக்க வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தயாரித்த அனுபவம் வேண்டும், ஏற்றுமதி ஆவணங்கள் தெரிந்தால் நல்லது, எதிர்பார்க்கும் சம்பளத்தைக் குறிப்பிடவும், விளம்பர எண் AA-07. விண்ணப்பிக்கும் பெண் ஈரோட்டில் ஒரு நூல் மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்ப்பவர்.

எழுதத் தொடங்கும் முன் விளம்பரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'வேண்டும்' என்று கேட்டவை ஒரு பக்கம், 'இருந்தால் நல்லது' என்றவை மறு பக்கம். முதல் வகைக்கு அவர் செய்த வேலையிலிருந்தே சான்று தர வேண்டும். இரண்டாவதில் இல்லாததை இல்லை என்றே சொல்லிவிடலாம். அவர் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

"பொருள்: கணக்கு உதவியாளர் AA-07 – டேலி, ஜிஎஸ்டி, 3 ஆண்டு அனுபவம்

வணக்கம். ஞாயிறு நாளிதழில் வந்த கணக்கு உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஈரோட்டில் நூல் மொத்த விற்பனைக் கடையில் 3 ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். மாதம் சுமார் 200 பில்களை டேலியில் பதிகிறேன். கடந்த 18 மாதங்களாக ஜிஎஸ்டிஆர்-1, 3பி இரண்டையும் நானே தயாரித்து, ஆடிட்டர் பார்த்தபின் தாக்கல் செய்கிறேன். கொள்முதல் பில்களை 2பி-யோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை விற்றவர்களிடம் கேட்டுச் சரிசெய்வதும் என் பொறுப்பு.

ஏற்றுமதி ஆவணங்களில் அனுபவம் இல்லை. எதிர்பார்க்கும் சம்பளம் மாதம் 22,000 ரூபாய். 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டுச் சேர முடியும். ரெஸ்யூமே இணைத்துள்ளேன்."

கீழே பெயரும் கைபேசி எண்ணும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் வரிசை இதேதான்.

இதில் கனமானது 2பி பற்றிய வரி. நமக்குச் சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்த விவரங்களைக் கொண்டு ஜிஎஸ்டி தளம் மாதந்தோறும் தரும் பட்டியல் அது. கையில் இருக்கும் பில் அதில் வராவிட்டால் அந்த வரியைக் கழித்துக்கொள்வதில் சிக்கல் வரும். 'ஜிஎஸ்டி நன்கு தெரியும்' என்று யாரும் எழுதிவிடலாம். விடுபட்ட பில்லைத் துரத்திப் பிடித்தவர்தான் இப்படி எழுத முடியும். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு அது உடனே புரிந்துவிடும்.

'கடின உழைப்பாளி', 'குழுவோடு இணைந்து செயல்படுபவர்' போன்ற சொற்கள் இதில் இல்லாததைக் கவனியுங்கள். எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யலாம். வேலையின் பெயரை மாற்றிவிட்டு ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அப்போதும் பொருந்துகிற வரியை எடுத்துவிடலாம்.

ஏற்றுமதி அனுபவம் இல்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. மறைத்தால் நேர்காணலின் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும். ஆனால் 'வேண்டும்' என்று கேட்டதே இல்லாவிட்டால், எவ்வளவு நன்றாக எழுதினாலும் மின்னஞ்சல் அதை ஈடுகட்டாது.

பொருள் வரியில் வேலையின் பெயரும் எண்ணும் முன்னால் வருவதற்கும் காரணம் உண்டு. கைபேசித் திரையில் அந்த வரியின் தொடக்கம் மட்டுமே தெரியும். 'வேலை விண்ணப்பம்' என்று மட்டும் இருந்தால் எந்த வேலை என்று திறந்துதான் பார்க்க வேண்டும். கோப்பின் பெயரும் அப்படியே. resume.pdf என்ற பெயரில் பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள். தரவிறக்கியபின் எது யாருடையது என்று தெரியாது. கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் வேலையும் இருக்கட்டும்.

அனுப்பும்போது நேரும் தவறுகளைத் தவிர்க்க, வேலையைத் தலைகீழாகச் செய்யலாம். முதலில் ரெஸ்யூமேவை இணையுங்கள், பிறகு எழுதுங்கள், பெறுநர் முகவரியைக் கடைசியில் இடுங்கள். முகவரி இல்லாத மின்னஞ்சல் தவறிக்கூடப் போகாது. பல நிறுவனங்களின் முகவரிகளை ஒன்றாகப் போட்டு அனுப்பவே கூடாது. ஒவ்வொருவருக்கும் மற்றவர்களின் முகவரி தெரியும். இது தனக்காக எழுதியதல்ல என்பதும் தெரிந்துவிடும்.

அனுப்பியபின் விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கழித்து அழைப்பு வரும்போது, எந்த வேலைக்கு எவ்வளவு சம்பளம் எழுதினோம் என்று தேடக் கூடாது. எதிர்முனையில் இருப்பவர் உங்கள் மின்னஞ்சலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்.