அட்வான்ஸ் 2 கேனுக்கு, திருப்பிக் கொடுத்தது 3... அப்பவும் பணம் பிடிப்பது ஏன்? வாட்டர் கேன் கணக்கு இதுதான்!

வீடு காலி பண்ணும்போது வாட்டர் கேன் அட்வான்ஸை திரும்பக் கேட்டால் பல இடங்களில் சண்டைதான். "ஒரு கேன் குறையுதே" என்பார் கடைக்காரர். "எல்லாம் கொடுத்துட்டேனே" என்பார் வாடிக்கையாளர். இதில் யார் சொல்வது சரி?

இங்கே ஓடுவது இரண்டு கணக்கு. தண்ணீருக்கான பணம் ஒன்று, கேன் எண்ணிக்கை இன்னொன்று. முதலாவதை எல்லோரும் எழுதி வைக்கிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் கேன் போடும் தம்பியின் ஞாபகத்தில்தான் இருக்கு.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு வீட்டில் கேனுக்கு ரூ.150 வீதம் 2 கேனுக்கு ரூ.300 அட்வான்ஸ் கொடுக்கிறார்கள். 1-ம் தேதி 2 கேன் வருகிறது. 5-ம் தேதி 2 வருகிறது, ஆனால் ஒன்றில் தண்ணீர் பாக்கி இருப்பதால் ஒரு காலி கேன்தான் திரும்புகிறது. இப்போது வீட்டில் 3. 9-ம் தேதி 2 வந்து 2 போகிறது, அதே 3. விருந்தாளிகள் வந்ததால் 14-ம் தேதி 3 வந்து 2 போகிறது. இப்போது வீட்டில் 4 கேன்!

காலி பண்ணும்போது 3 கேன்தான் கிடைக்கிறது. இன்னொன்று மொட்டை மாடியில் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டது. "ரெண்டுக்குத்தானே அட்வான்ஸ், மூணு கொடுத்திருக்கேனே" என்று வாதாடினாலும், வந்தது 9, திரும்பியது 8. கடைக்காரர் ரூ.150 பிடிப்பது நியாயம்தான். ஆனால் அதை நிரூபிக்க அவரிடம் எழுத்து வேண்டும்.

கடைக்காரர் இதை அன்றன்றே பிடிக்க முடியும். காலையில் வண்டியில் 40 ஃபுல் கேன் போகிறது. மாலையில் 5 ஃபுல், 33 காலி திரும்புகிறது. அப்படியென்றால் 35 கொடுத்து 33 வாங்கியிருக்கிறார்கள். 2 கேன் வெளியே கூடுதலாக நிற்கிறது. அன்றைய வீட்டு அட்டைகளைக் கூட்டினாலும் அதே 2 வரணும். 1 தான் வந்தால், ஏதோ ஒரு வீட்டில் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். மாசக் கடைசி வரை விட்டால் எந்த வீடு என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

கேஸ் சிலிண்டரில் இந்தச் சிக்கல் குறைவு. ஃபுல் சிலிண்டர் வந்தால் காலி சிலிண்டரை அப்போதே எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எத்தனை சிலிண்டர், எவ்வளவு டெபாசிட் என்பது இணைப்பு எடுக்கும்போது தரும் எஸ்.வி. எனும் ரசீதில் இருக்கும். இணைப்பை ஒப்படைக்கும்போது அதில் உள்ள தொகைதான் திரும்ப வரும், இன்றைய டெபாசிட் ரேட் அல்ல.

வாட்டர் கேனுக்கு இப்படி ஒரு ரசீது பல கடைகளில் தருவதில்லை. அதனால் ஒவ்வொரு முறையும் வந்தது, போனது, வீட்டில் இருப்பது என மூன்று எண்களை காலண்டரில் குறித்து, கேன் போடுபவரிடம் கையெழுத்து வாங்கிடுங்க. காலி கேனை வாசலில் வைத்துவிட்டு வெளியே போகும் வழக்கம் இருந்தால், ஒரு போட்டோ எடுத்து கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க. வேறு கடைக் கேன் கலந்து வந்தாலும் அன்றைக்கே சொல்லிடுங்க. கடைசியில் "இது எங்க கேன் இல்லை" என்று அதைத் திருப்பி வாங்க மறுக்கலாம்.